பிரியும் நாளில் கையில் என்ன மிஞ்சும்?

வணிகவியலும் நிர்வாகவியலும் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் தேர்வு நேரத்தில் கையில் வைத்திருக்கும் சுருக்கக் குறிப்புகளை உறுப்பினர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு நிறுவனம் வளர்வதற்கான வழிகள் என்று அதில் ஒரு கட்டம் போட்டிருக்கும். பல தொழில்களில் இறங்குதல், இணைப்பு, கூட்டு முயற்சி என்று மூன்று வரிசைகள். எதிரே நன்மைகள், தீமைகள் என்று இரண்டு பத்திகள். பல தொழிலில் இறங்கினால் நஷ்ட பயம் பரவலாகும். இணைந்தால் செலவு குறையும். கூட்டு முயற்சியில் முதலீடும் அனுபவமும் பங்கிடப்படும். இப்படி வரிசையாக எழுதியிருக்கும்.

குறிப்பில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது முழுக்க முழுக்கச் சேரும் நாளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிரியும் நாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. படிப்பை முடித்துக் கடைக்கு வரும் பிள்ளைகள் இந்தக் கட்டத்தையே கொண்டு வந்து, பக்கத்துக் கடையுடன் சேரலாம், பெரிய நிறுவனத்தின் பெயர்ப் பலகையை மாட்டலாம், இன்னொரு தொழில் தொடங்கலாம் என்று யோசனை சொல்கிறார்கள். யோசனை நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்த பிறகே முடிவு எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 'பிரியும் நாளில் கையில் என்ன மிஞ்சும்?' என்பதே அந்தப் பத்தி.

இதற்கு எங்கோ இருக்கும் உதாரணம் தேவையில்லை. நம் கடைகளில் இருக்கும் சோப்பு அலமாரியே போதும்.

டாம்கோ: கதவைத் திறந்து கொடுத்த கதை

1991-ல் அரசின் பொருளாதாரக் கொள்கை மாறியது. பெரிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைய மத்திய அரசிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் 51 சதவிகிதப் பங்கு வைத்துக்கொள்ளும் வழியும் எளிதாயிற்று. சோப்பு வியாபாரத்தில் அப்போது எல்லோருக்கும் மேலே நின்றது ஹிந்துஸ்தான் லீவர். அதை எதிர்த்து நின்ற இரண்டு இந்திய நிறுவனங்கள், ஏறக்குறைய ஒரே சமயத்தில், இரண்டு வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தெடுத்தன.

ஒன்று டாம்கோ என்று நாம் அழைத்த டாடா ஆயில் மில்ஸ். 1917-ல் தொடங்கிய நிறுவனம். எர்ணாகுளத்தை அடுத்த டாடாபுரத்தில் தேங்காய் எண்ணெய் ஆலையுடன் வளர்ந்தது. ஹமாம் சோப்பும் 501 பார் சோப்பும் அதன் சரக்குகள். ஹமாமுக்குத் தமிழ்நாட்டில் இருந்த செல்வாக்கை நம் மூத்த வணிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிறுவனம் தொடர்ந்து நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் இருந்தது, பணம் இல்லை.

1993-ல் டாம்கோவை ஹிந்துஸ்தான் லீவருடன் இணைப்பதாக அறிவித்தார்கள். 15 டாம்கோ பங்குகளுக்கு 2 லீவர் பங்குகள் என்பது கணக்கு. 150 பங்கு வைத்திருந்தவருக்கு 20 பங்கு கிடைத்தது. எண்ணிக்கை சுருங்கியதைப் பார்த்துப் பலர் மனம் வருந்தினார்கள். ஆனால் நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தின் பங்குக்குப் பதிலாக லாபத்தில் ஓடும் நிறுவனத்தின் பங்கு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த இணைப்பை எதிர்த்துத் தொழிலாளர் சங்கங்களும் வேறு சிலரும் நீதிமன்றம் சென்றார்கள். பங்கு மாற்று விகிதம் நியாயமானதல்ல, தாய் நிறுவனமான யூனிலீவரின் பங்கு 51 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருக்க அதற்குத் தனியாகப் பங்கு ஒதுக்குவது சரியல்ல என்பவை ஆட்சேபணைகளில் முக்கியமானவை. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைப்பை ஏற்றுத் தீர்ப்பளித்தது. தகுந்த நிபுணர்கள் மதிப்புப் போட்டு, பங்குதாரர்களில் மிகப் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, நீதிமன்றம் உட்கார்ந்து அந்தக் கணக்கை மறுபடி போடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இணைப்பில் விலை பேசுவது ஒரே ஒரு முறை. கையெழுத்தான பிறகு, 'குறைவாக மதிப்புப் போட்டுவிட்டார்கள்' என்று சொல்ல இடமில்லை. டாம்கோ என்ற நிறுவனம் அத்துடன் மறைந்தது. ஹமாம் இன்றும் விற்பனையாகிறது. ஆனால் 2007 முதல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தின் சரக்காக.

அப்படியானால் டாம்கோ செய்தது தவறா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நஷ்டம் தொடரும்போது முதலில் தேய்வது பணம். பிறகு விளம்பரம் குறையும், சரக்கு நேரத்துக்கு வராது, ஸ்டாக்கிஸ்டுகள் விலகுவார்கள், கடைசியில் பெயரும் தேய்ந்துபோகும். பெயர் தேய்வதற்கு முன்பே சேர்ந்தால் அதற்கு விலை உண்டு. எல்லாம் தேய்ந்த பிறகு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். ஆகவே பிரியும் நாளில் இணைப்பு எதையும் திருப்பித் தராது. சேரும் நாளில் வாங்கிய விலை மட்டுமே மிச்சம்.

கோத்ரெஜ்: பெயர் திரும்பியது, பாதை திரும்பவில்லை

இரண்டாவது நிறுவனம் கோத்ரெஜ். இது டாம்கோவைப் போல் நொடித்த நிலையில் இல்லை. சின்தால் போன்ற நல்ல பெயர்கள் இருந்தன, ஆலைகள் இருந்தன, நாடெங்கும் கடைகளுக்குச் சரக்குப் போகும் பாதை இருந்தது. அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிளிடம் பணமும் தொழில் நுட்பமும் இருந்தன. ஆனால் இங்கே சோப்பு விற்கும் பாதை போதுமானதாக இல்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. குறிப்பேட்டில் கூட்டு முயற்சிக்குச் சொல்லும் இலக்கணம் அப்படியே பொருந்தியது.

1993 வாக்கில் பிராக்டர் அண்ட் கேம்பிள் கோத்ரெஜ் என்ற கூட்டு நிறுவனம் வேலையைத் தொடங்கியது. அமெரிக்கருக்கு 51, கோத்ரெஜுக்கு 49 சதவிகிதம். சோப்பு செய்வது கோத்ரெஜின் ஆலை. விற்பது கூட்டு நிறுவனம். கோத்ரெஜின் விற்பனைப் பிரிவு கூட்டு நிறுவனத்துக்குப் போயிற்று.

இந்த ஏற்பாட்டிலேயே சிக்கல் ஒளிந்திருந்தது. சரக்கு செய்து கொடுப்பவருக்கு டன் கணக்கு முக்கியம். எவ்வளவு அதிகம் ஓடுகிறதோ அவ்வளவு ஆலைக்கு நல்லது. விற்பவருக்கோ, எந்தப் பெயரில் லாபம் அதிகமோ அதைத் தள்ளுவதே நல்லது. விற்பவரிடம் சொந்தப் பெயர்களும் இருந்தால், கூட்டாளியின் பெயர் பின்வரிசைக்குப் போகும். இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதல்ல. லாபம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கவனம் போகும். 1996-ல் கூட்டு கலைந்தது.

கலைந்தபோது நடந்ததைப் பாருங்கள். சோப்புப் பெயர்கள் கோத்ரெஜிடம் திரும்பின. ஆலை எப்போதும் அவர்களுடையதே. ஆனால் விற்பனை ஆட்களையும் கடைகளுக்குப் போகும் பாதையையும் மறுபடி அமைக்க வேண்டியதாயிற்று. ஸ்டாக்கிஸ்டுடனும் கடைக்காரருடனும் உள்ள பழக்கம் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கக்கூடிய சொத்து அல்ல. வாரா வாரம் வந்து ஆர்டர் எடுத்த ஆள் யாருடைய சம்பளத்தில் இருக்கிறாரோ, பாதை அவர் பக்கம். கோத்ரெஜ் மீண்டு எழுந்தது. 2001-ல் நுகர்பொருள் தொழிலைத் தனி நிறுவனமாக்கும் அளவுக்கு நிலைபெற்றது. ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே பாதையை மறுபடி போட வேண்டி வந்தது என்றால் சிறு வணிகரின் நிலையை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூட்டு முயற்சி பெரும்பாலும் இப்படிக் கலையும், அல்லது ஒருவர் மற்றவரை வாங்கிவிடுவார். டாடாவின் லாக்மே, ஹிந்துஸ்தான் லீவருடன் 1996-ல் சமபங்குக் கூட்டு நிறுவனம் அமைத்தது. 1998-ல் தன் பங்கையும் பெயரையும் லீவருக்கே விற்றுவிட்டது. மொத்த விற்பனைக் கடைகளுக்காக பாரதியும் வால்மார்ட்டும் 2007-ல் சேர்ந்தன. 2013-ல் பிரிந்தபோது கடைகளை வால்மார்ட் எடுத்துக்கொண்டது. ஆகவே கூட்டு ஒப்பந்தத்தில் மிக முக்கியமான பக்கம் முதல் பக்கமல்ல, கடைசிப் பக்கம்.

ஐ.டி.சி.: சொந்தப் பாதையும் அந்நியப் பாதையும்

மூன்றாவது வழி பல தொழிலில் இறங்குவது. இதற்கு ஐ.டி.சி.யை விட நல்ல பாடம் இல்லை, ஏனென்றால் வென்றதும் தோற்றதும் ஒரே வீட்டில் நடந்தன.

சிகரெட்டில் வந்த பணத்தைக் கொண்டு அந்த நிறுவனம் பல தொழில்களில் இறங்கியது. அவற்றில் ஒன்று ஐ.டி.சி. கிளாசிக் என்ற நிதி நிறுவனம். பணம் கொடுத்து வட்டி வாங்கும் தொழில். சிகரெட் விற்கத் தெரிந்ததில் எந்தப் பகுதி இதற்கு உதவும்? பணம் மட்டும்தான். கடன் வாங்குபவரின் தரத்தை எடைபோடுவது, வாராக்கடனை வசூலிப்பது எல்லாம் வேறு வித்தை. கிளாசிக் சிக்கலில் மாட்டி, 1997-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யுடன் இணைக்கப்பட்டது.

அதே நிறுவனம் 2002-ல் ஆசீர்வாத் கோதுமை மாவைக் கொண்டுவந்தது. 2003-ல் சன்ஃபீஸ்ட் பிஸ்கட். சில ஆண்டுகள் கழித்துச் சோப்பும் வந்தது. இங்கே பழைய தொழிலிலிருந்து இரண்டு விஷயங்கள் உதவின. விவசாயிகளிடம் நேரடியாக வாங்கும் இ-சௌபால் ஏற்பாடு 2000-லேயே தொடங்கியிருந்ததால், கோதுமைக் கொள்முதல் கைவசம் இருந்தது. பெட்டிக்கடை வரைக்கும் சிகரெட் கொண்டுபோகும் விற்பனைப் பாதையும் இருந்தது. புதிய சரக்கு, பழைய பாதையில் போயிற்று.

பல தொழிலில் இறங்குவதன் சிறப்பு, பிரியும் நாள் கேள்விக்கு அது தரும் பதில். கிளாசிக் போனது, ஆனால் சிகரெட் தொழிலும் அதன் பாதையும் ஐ.டி.சி.யிடமே இருந்தன. போனது பணம் மட்டும். தாங்கக்கூடிய அளவு பணம் என்றால் மறுபடி முயலலாம். தாங்க முடியாத அளவு என்றால், புதிய தொழில் பழைய தொழிலையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நம் கடைக்கு வந்தால்

இப்போது இவற்றை நம் அளவுக்குக் கொண்டுவருவோம்.

புதிய தொழில் தொடங்கும் உறுப்பினர் கேட்க வேண்டியது, இப்போது வரும் வாடிக்கையாளரே இதையும் வாங்குவாரா, இப்போதைய கொள்முதல் அனுபவம் இதற்கும் உதவுமா என்ற இரண்டு கேள்விகளே. மளிகைக் கடைக்காரர் மசாலாப் பொடி அரைத்து விற்பதும் இட்லி மாவு விற்பதும் சொந்தப் பாதை. அவரே வட்டிக்குக் கொடுக்கத் தொடங்குவதும், வாடிக்கையாளரிடம் சீட்டுப் பணம் பிடிப்பதும் அந்நியப் பாதை. அதற்கு 1982-ன் சீட்டு நிதிச் சட்டமும் 2019-ன் வைப்புத் திட்டத் தடைச் சட்டமும் தனியாக இருக்கின்றன. எதுவானாலும் புதிய தொழிலுக்குத் தனிக் கணக்கு வேண்டும். மாவு விற்ற பணத்தையும் மளிகைக் கல்லாவையும் கலந்தால், எது எதைத் தின்கிறது என்று ஆறு மாதம் வரை தெரியாது. தெரியும்போது மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியில் அது தெரியும்.

இரண்டு கடைகள் சேர்ந்து ஒரே கடையாவது நம்மில் பங்குத் தொழிலாகத்தான் நடக்கிறது. 1932-ம் ஆண்டுப் பங்குத் தொழில் சட்டத்தில் மூன்று விதிகளை மறக்கக் கூடாது. முதலாவது, எழுத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. ஒருவர் 8 லட்சமும் மற்றவர் 3 லட்சமும் போட்டிருந்தாலும் சரிபாதிதான். இரண்டாவது, தொழிலுக்காக ஒரு பங்காளி வாங்கிய கடனுக்கு மற்றவரும் முழுமையாகப் பொறுப்பு; அவருடைய வீடு வரைக்கும் அது வரும். மூன்றாவது, பதிவு செய்யாத பங்குத் தொழில், வராத பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. டாம்கோவில் 15-க்கு 2 என்று நிபுணர் கணக்குப் போட்டார். நம்மில் 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறோம். சரக்கு இருப்பு, வசூலாகும் பாக்கி, வசூலாகாத பாக்கி, கடையின் பெயருக்கான மதிப்பு ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே கல்லாவை ஒன்றாக்க வேண்டும்.

கூட்டுக் கொள்முதலில் ஒரு கணக்கு

கூட்டு முயற்சி என்றால் நமக்கு அதிகம் பொருந்துவது கூட்டுக் கொள்முதல். பல ஊர்களில் முயன்று, சில மாதங்களில் நின்றுபோகிறது. ஏன் நிற்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆறு கடைக்காரர்கள் சேர்ந்து, மாதம் ஆளுக்குப் பத்து மூட்டை துவரம் பருப்பு, மூட்டைக்கு 50 கிலோ என்று, நேராக மில்லிலிருந்து எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 மூட்டை, 3,000 கிலோ. லாரி வாடகை போகக் கிலோவுக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்றால், ஆறு பேருக்கும் சேர்த்து மாத லாபம் 3,000 ரூபாய்.

சரக்கை ஒருவர் பெயரில் எடுத்து, மற்ற ஐவரும் பிறகு பணம் தருவது என்று ஏற்பாடு. ஒரு மாதம் ஒருவர் தன் பங்கைத் தரவில்லை. கிலோ 110 ரூபாய் என்றால் அவருடைய 500 கிலோவுக்கு 55,000 ரூபாய். ஆறு பேரின் மாத லாபத்தையும் அப்படியே ஒதுக்கினாலும், அந்த ஒரு பாக்கியை ஈடுகட்டப் பதினெட்டு மாதத்துக்கு மேல் ஆகும். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் மில்காரர் கேட்பார். அவர் மற்றவர்களைக் கேட்பார். அதோடு கூட்டு உடையும், பல வருட நட்பும் உடையும்.

ஆகவே கூட்டுக் கொள்முதலில் விலை மட்டும் ஒன்றாகப் பேசப்பட வேண்டும். கடன் ஒன்றாகக் கூடாது. மில்காரர் ஆறு கடைக்கும் ஆறு பில் போடட்டும். லாரி ஏறுவதற்கு முன் அவரவர் பணம் அவரவர் கணக்கிலிருந்து போகட்டும். பணம் கட்டாதவருக்கு அந்த மாதம் மூட்டை இல்லை. இப்படிச் செய்தால் ஒருவர் விலகினாலும் மற்ற ஐவருக்கும் நஷ்டமில்லை. பிரிவதற்கு எளிதான கூட்டுதான் நெடுநாள் நிலைக்கும்.

பெயர்ப் பலகை கேட்டு வருபவர்கள்

பெரிய நிறுவனங்கள் சிறு கடைகளைத் தேடி வருகின்றன. கடையைப் புதுப்பித்துத் தருகிறோம், கணினி தருகிறோம், சரக்கு எங்களிடமே எடுங்கள், எங்கள் பலகையை மாட்டுங்கள் என்கிறார்கள். இது கூட்டு முயற்சி போலப் பேசப்படும். சரக்கு ஒரே இடத்தில் என்று ஆகும்போது இணைப்பை நெருங்கிவிடும். எல்லாவற்றையும் மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நஷ்டத்தில் ஓடும் கடைக்கு அது நல்ல வழியாகவும் இருக்கலாம். ஆனால் நன்றாக ஓடும் கடை கோத்ரெஜின் நிலையில் இருக்கிறது. அதன் கையில் இருக்கும் பெரிய சொத்து பாதை.

நம் பாதை எது? வாடிக்கையாளரின் தொலைபேசி எண், அவர் மாதா மாதம் வாங்கும் பட்டியல், கடன் நோட்டு, பல மண்டிகளில் நமக்கிருக்கும் தவணை. இவை அந்த நிறுவனத்தின் கணினியில் ஏறினால், விலகும் நாளில் நமக்கு ஒரு படி கிடைக்குமா? விலகிய பிறகு அதே இடத்தில் பழைய பெயரில் கடை நடத்தத் தடை உண்டா? புதுப்பித்த செலவைத் திருப்பிக் கேட்பார்களா? வேறு மண்டியில் வாங்காமல் இரண்டு ஆண்டு இருந்தால், மறுபடி போனால் பழைய தவணை தருவார்களா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்திடக் கூடாது.

ஒவ்வொரு கடைக்காரரும் தனியாக வழக்கறிஞரைத் தேடுவது சிரமம். ஆகவே நம் சங்கமே இரண்டு மாதிரிப் படிவங்களைத் தயாரித்து உறுப்பினர்களுக்குத் தர வேண்டும் என்று நிர்வாகக் குழுவை வேண்டுகிறேன். ஒன்று பங்குத் தொழில் ஒப்பந்தம், மற்றது கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தம். இரண்டிலும் பிரிவதற்கான விதிகள் முதல் பக்கத்திலேயே வரட்டும்.